காலனி மடலுக்கு ஒரு பத்தி: ‘கேடி என்கிற கருப்புதுரை’யைப் பெற்றோருக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

நாலாவது_பிளாக்:

மதுரைக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருக்கிறோம். மாதம் ஒருமுறை எங்கள் காலனிக்கு ஒரு மடல் வரும். ஏ4 தாள், இரண்டு பக்கம். தண்ணீர் லாரி நேரம், பராமரிப்புக் கட்டண பாக்கி, லிஃப்ட் சர்வீஸ் என்று போக, கடைசியில் கட்டம் கட்டி ஒரு மூலை மிஞ்சும். இந்த மாதம் முதல் அதில் “பிள்ளைகளோடு பார்க்க ஒரு படம்” என்று போடலாம் என முடிவாகி, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எண்பது வார்த்தைக்கு மேல் இடம் கிடையாது. அச்சில் வரும், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவார்கள், வாட்ஸப் குழுவிலும் போடுவார்கள்.

எல்லோரும் பார்த்துவிட்ட படத்தைச் சொல்வதில் பயனில்லை என்று மதுமிதாவின் ‘கேடி என்கிற கருப்புதுரை’யை எடுத்தேன். எங்கள் பிளாக்கில் விசாரித்தவரை பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. எழுதியது இது:

*“மனதை உருக்கும் அருமையான குடும்பப் படம்! மதுமிதா இயக்கத்தில் 2019-இல் வெளிவந்த ‘கேடி என்கிற கருப்புதுரை’ பலரும் கவனிக்கத் தவறிய முத்து. ஒரு தாத்தாவுக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையே மலரும் அழகான நட்புதான் கதை. சிரிப்பும் கண்ணீரும் கலந்த பயணம். மு. ராமசாமியும் நாகவிஷாலும் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். உறவுகளின் அருமையை நம் பிள்ளைகளுக்கு உணர்த்தும் படம். குடும்பத்தோடு கண்டிப்பாகப் பாருங்கள்!”*

படித்தால் ஏதோ குறைகிறது. என்னவென்று பிடிபடவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி_மன்னன்:

நல்லாத்தானே இருக்கு? ஒன்று மட்டும் சேருங்கள். இந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அதை முதல் வரியில் போட்டால் மறுபேச்சு இருக்காது. விருதுப் படம் என்றால் பெற்றோர் நம்பி உட்காருவார்கள்.

பழைய_ரீல்:

மன்னன், நீங்கள் சொல்வது வேறு படம். படுத்துக் கிடக்கும் முதியவர்களை வீட்டாரே எண்ணெய்க் குளியல் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் வழக்கத்தைப் பற்றியே வந்த ‘பாரம்’, பிரியா கிருஷ்ணசாமி இயக்கியது, அதற்குத்தான் சிறந்த தமிழ்ப் படம் விருது. கருப்புதுரைக்குக் கிடைத்தது சிறந்த குழந்தை நட்சத்திர விருது, நாகவிஷாலுக்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை, கருவும் ஒன்று என்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் ‘பாரம்’ சிரித்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை. அதை நினைத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் கஷ்டம்தான்.

விருதை நான் விட்டுவிடுவேன். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் நிற்கிற அம்மாவுக்கு, இதை இப்போது போடலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. விருது அதற்குப் பதில் சொல்லாது. சில வீடுகளில் விருதுப் படம் என்றதுமே மெதுவாகப் போகும் என்று சேனலை மாற்றிவிடுவார்கள்.

நாலாவது பிளாக், உங்கள் பத்தியில் குறைவது என்னவென்று சொல்கிறேன். படத்தின் பெயரையும் நடிகர்கள் பெயரையும் எடுத்துவிட்டு, தாத்தாவும் பேரனும் வருகிற வேறு எந்தப் படத்தின் பெயரையாவது அங்கே வைத்துப் படியுங்கள். ஒரு வார்த்தை மாற்றவேண்டியிருக்காது. உருக்கும், முத்து, மலரும் நட்பு, வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள், இவையெல்லாம் நீங்கள் படத்தை ரசித்ததைச் சொல்கின்றன. படத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கதை எதில் தொடங்குகிறது? மூன்று மாதம் நினைவில்லாமல் கிடக்கும் பெரியவரைத் தலைக்கூத்தல் செய்து அனுப்பிவிடலாம் என்று சொந்தப் பிள்ளைகள் பேசுகிறார்கள். அவர் கண்விழித்து அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அதைச் சொல்லாமல் “உறவுகளின் அருமை” என்று எழுதினால், படம் போட்ட சிறிது நேரத்தில் ஏழு வயசுப் பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கும். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. மறுநாள் வாட்ஸப் குழுவில் உங்களைத்தான் கேட்பார்கள்.

கிளப்_ஹவுஸ்:

நல்ல யோசனை சார். எங்கள் அபார்ட்மெண்டிலும் சனிக்கிழமை ப்ரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறோம். நாற்பது நாற்காலி இருக்கிறது, பாப்கார்ன் நாங்களே பொரிக்கிறோம். இந்தப் படத்தை எந்தக் கணக்கில் போட்டால் நல்ல பிரிண்ட் வரும்? என் வீட்டு ஓடிடி கணக்கு போதுமா?

பழைய_ரீல்:

அவர் திரையிடலைக் கேட்கவில்லை, மடலில் எழுதுவதைக் கேட்கிறார். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: வீட்டுக் கணக்கு வீட்டில் பார்ப்பதற்கு. பொது இடத்தில் ஊரைக் கூட்டிப் போடுவதற்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்கவேண்டும். இந்தப் படத்தைத் தயாரித்தது சரிகமவின் யூட்லீ ஃபிலிம்ஸ், அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இதற்குமேல் பேசவேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

குட்டிம்மா_அப்பா:

எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். அந்த மடலில் நான் தேடுவது ஒரே ஒரு விஷயம்தான், எத்தனை வயதுக்கு என்று. முதல் பத்தியில் அது இல்லவே இல்லை. “குடும்பத்தோடு” என்று எழுதினால் என் மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

மொட்டைமாடி_மன்னன்:

விருது விஷயம் சரி, கலந்துபோய்விட்டது. வயதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதே, அதை அப்படியே போட்டால் போச்சு. அரசாங்கம் சொன்ன பிறகு நாம் ஏன் தனியாகத் தலையை உடைத்துக்கொள்ளவேண்டும்? யு என்றால் எல்லோரும் பார்க்கலாம், யுஏ என்றால் பெற்றோர் கூட இருக்கவேண்டும்.

பழைய_ரீல்:

பாதிதான் சரி. யுஏவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தது 2024-இல்தான். அதற்கு முன்னால் வந்த படங்களுக்கெல்லாம் பழைய ஒற்றை யுஏ. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்பதுதான் அதன் பொருள். 2019 படத்தின் சான்றிதழ் ஆறு வயசுக்கும் பதினோரு வயசுக்கும் வித்தியாசம் சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. சான்றிதழ் பெரும்பாலும் திரையில் தெரிவதையும் காதில் விழுவதையும் வைத்துக் கொடுப்பது. ரத்தம், அடிதடி, கெட்ட வார்த்தை, அந்த மாதிரி. இந்தப் படத்தில் பிள்ளையை உறுத்தப்போவது அது எதுவும் இல்லை. நாலு பேர் சாதாரணமாக உட்கார்ந்து, அப்பாவை முடித்துவிடலாம் என்று முடிவெடுப்பதுதான் உறுத்தும். திரையில் பார்த்தால் வெறும் பேச்சு. வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இதே கோளாறு ‘பூவரசம் பீப்பீ’யிலும் உண்டு. சைக்கிள், ஊர், விடுமுறை, மூன்று பசங்கள் என்று சுவரொட்டியைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்தவர்களை எனக்குத் தெரியும். கதை நடுவில் அந்தப் பசங்கள் ஒரு பாலியல் வன்கொடுமையைப் பார்த்துவிடுகிறார்கள். நல்ல படம், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு என்று சொல்லாமல் கொடுத்தால் கொடுத்தவர் மேல்தான் கோபம் வரும்.

ஜெயாக்கா:

நான் இந்தப் படத்தை என் மாமனாரோடு பார்த்தேன். மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. யாரோ சிரிப்புப் படம் என்று சொன்னதை நம்பிப் போட்டோம். மாமனாருக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் பக்கவாதம் வந்து சரியாகியிருந்தது. அந்தப் பெரியவர் படுத்துக் கிடக்க, பக்கத்தில் பிள்ளைகள் பேசுகிற இடம் வந்ததும் எனக்கு ரிமோட்டை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பொடியனின் வாயைக் கேட்டுச் சிரித்தார், பிரியாணி சாப்பிடுகிற இடத்தில் நன்றாகவே சிரித்தார். படம் முடிந்ததும் “நல்லா எடுத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அவருக்குப் பிடித்ததா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. மகனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. குட்டி என்கிற அந்தப் பையன் பேசுவதைப் பேசிக்காட்டிக்கொண்டே ஒரு வாரம் திரிந்தான்.

நாலாவது பிளாக், நீங்கள் எல்லோரும் பிள்ளைகள் வயதையே பேசுகிறீர்கள். நம் வீடுகளில் படம் பார்க்க உட்காருவது பிள்ளையும் பெற்றோரும் மட்டும் இல்லையே.

நாலாவது_பிளாக்:

ஜெயாக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் காலனியில் பாதி வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். மடலை உண்மையில் முழுசாக உட்கார்ந்து படிப்பதும் அவர்கள்தான், மற்றவர்கள் தண்ணீர் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவார்கள்.

சரி, மாற்றி எழுதினேன்:

*“எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு: ‘கேடி என்கிற கருப்புதுரை’. மூன்று மாதம் நினைவிழந்து கிடந்த ஒரு கிராமத்துப் பெரியவர் கண்விழிக்கும்போது, தன்னைத் தலைக்கூத்தல் செய்ய வீட்டார் பேசுவதைக் கேட்டு, வீட்டை விட்டுக் கிளம்புகிறார். ஒரு கோயிலில் வளரும் வாய்த்துடுக்கான அநாதைச் சிறுவன் குட்டி அவரோடு சேர்கிறான். பெரியவரின் ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றுவதுதான் மீதிக் கதை. பிரியாணி நிறைய வரும். வீட்டுப் பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.”*

பழைய_ரீல்:

இது படத்தைப் பற்றிய பத்தி. முதலில் இருந்தது உங்களைப் பற்றியது. “பிரியாணி நிறைய வரும்” என்கிற வரியைத் தொடாதீர்கள். அருமையான நகைச்சுவை என்று எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள், இது பார்க்கத் தூண்டுகிறது.

இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, அந்த எச்சரிக்கை வரி கடைசியில் இருக்கிறது. மடலைத் தட்டச்சு செய்பவர் இடம் போதாவிட்டால் எங்கே வெட்டுவார்? அடியில்தான். பத்திரிகை ஆபீசிலும் அப்படித்தான், சங்க ஆபீசிலும் அப்படித்தான். விட்டுப்போனால் ஆபத்து என்று நீங்கள் நினைக்கிற வரியை நடுவுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கடைசி வரி வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லாததாக இருக்கட்டும்.

அடுத்தது தேடுவது. இந்த முறை மதுமிதா பெயரையும் 2019-ஐயும் எடுத்துவிட்டீர்கள். அவை இரண்டும் திரும்ப வரவேண்டும். தேடும் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் KD என்றோ கேடி என்றோ மட்டும்தான் அடிப்பார்கள். தமன்னா நடித்த 2006-ஆம் வருஷத்து ‘கேடி’ ஒன்று இருக்கிறது. தெலுங்கில் நாகார்ஜுனா நடித்த ‘கேடி’ ஒன்று 2010-இல் வந்தது. உங்களை நம்பி அந்தப் படங்களில் ஒன்றைப் போட்டு உட்காரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வருஷமும் இயக்குநர் பெயரும் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று நீங்கள் எழுதாமல் விட்டது சரி. ஒன்றாம் தேதி அச்சடித்த தாள் முப்பது நாள் லிஃப்ட் பக்கத்தில் தொங்கும், படம் அதுவரை அதே தளத்தில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. வாட்ஸப் குழுவில் போடும்போது அன்றைக்குப் பார்த்து இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

சிவகாசி_பையன்:

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. நீங்கள் மதுரையில் இருக்கிறீர்கள். உங்கள் காலனியில் விருதுநகர், தேனி, உசிலம்பட்டி பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? லிஃப்ட் பக்கத்தில் தாளில் “தலைக்கூத்தல்” என்று பார்த்ததும், உங்கள் ஊர்ப் பக்கம்தானே இது என்று ஒருத்தர் கேட்பார். இதற்கு முன்னால் செய்தியில் வந்தபோதெல்லாம் நாங்கள் கேட்டது அதுதான். எங்கள் மாவட்டத்தில் வயதான பெற்றோரை வைத்துப் பார்க்கிறவன்தான் அதிகம். சினிமாக்காரர்களுக்கு எங்கள் பக்கம் வந்தால் அரிவாள், இல்லாவிட்டால் இது.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு “வீட்டார் தன்னைக் கைவிட முடிவெடுத்ததைக் கேட்டு” என்று போடுங்கள். யாருக்கும் சங்கடமில்லை.

குட்டிம்மா_அப்பா:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கைவிடுவது வேறு, கொல்வது வேறு. “கைவிட” என்று படித்தால் முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு என் மகளை உட்காரவைத்துவிடுவேன்.

சிவகாசி_பையன்:

அப்படியானால் கொல்ல என்றே போடுங்களேன். ஊர் வழக்கத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

பழைய_ரீல்:

சிவகாசித் தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தெரியாதவர்கள் உங்கள் காலனியில் இருப்பார்கள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், தமிழ் வாசித்தாலும் தென்மாவட்ட வழக்கம் தெரியாதவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல் எதையும் எச்சரிக்காது, எண்ணெய்க் குளியல் என்று நினைத்தாலும் நினைப்பார்கள். தெரிந்தவர்களுக்கோ உறுத்தும். எச்சரிக்கவேண்டியவர்களை எச்சரிக்காமல் மற்றவர்களை மட்டும் உறுத்துகிற சொல்லை எண்பது வார்த்தைக்குள் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. “தன் உயிரைப் போக்க வீட்டார் பேசுவதைக் கேட்டு” என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி புரியும்.

படம் உங்கள் ஊரைக் கேவலப்படுத்துகிறதா என்றால், அதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. வீட்டார் செய்வதைக் காட்டிவிட்டுப் படம் அங்கேயே நிற்பதில்லை. மீதி நேரம் முழுக்க அதே ஊர்ப் பக்கத்து மனிதர்கள் அந்தப் பெரியவருக்கும் பையனுக்கும் சோறு போடுகிறார்கள், இடம் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பாதையையும் கோயிலையும் இவ்வளவு பிரியமாக எடுத்த படம் சமீபத்தில் குறைவு.

சிவகாசி_பையன்:

அது நீங்கள் பார்க்கிற விதம். என் அப்பாவோடு உட்கார்ந்து அதைப் பார்க்க என்னால் முடியாது. சொல்லை எடுத்தால் சரி, அதற்குமேல் நான் சண்டைக்கு வரவில்லை.

மொட்டைமாடி_மன்னன்:

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு எச்சரிக்கை போட்டால் யார்தான் பார்ப்பார்கள்? மாத்திரை அட்டையில் பக்கவிளைவு படிக்கிற மாதிரி இருக்கிறது. ‘காக்கா முட்டை’யைப் போட்டுவிட்டுப் போகலாமே.

நாலாவது_பிளாக்:

‘காக்கா முட்டை’யைப் பார்க்காதவர்கள் எங்கள் காலனியில் இல்லை அண்ணே. அதைப் போட்டால் “இது தெரியாதா” என்பார்கள், மூலை வீண்.

ஆனால் நீங்கள் சொல்வதும் எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது பத்தியைப் படித்த என் கணவர், “பார்க்கச் சொல்கிறாயா, வேண்டாம் என்கிறாயா” என்று கேட்டார்.

பழைய_ரீல்:

எச்சரிக்கையால் வந்த பிரச்சினை இல்லை அது. இழுக்கிற விஷயம் ஒன்றுதான் இருக்கிறது, பிரியாணி. தள்ளுகிற விஷயம் மூன்று இருக்கிறது. இன்னொரு காட்சியைச் சேருங்கள், கதையை உடைக்காத காட்சியாக. உங்கள் மகனோ மகளோ படம் முடிந்த பிறகு எதைப் பற்றிப் பேசினார்கள் என்று யோசியுங்கள். ஜெயாக்கா மகன் குட்டியின் பேச்சைப் பேசிக்காட்டித் திரிந்ததாகச் சொன்னாரே, அந்த மாதிரி. எண்பது வயதுக்காரரை எட்டு வயதுக்காரன் அதட்டி வேலை வாங்குகிற படம் இது. பிள்ளைகளுக்குப் பிடிப்பது அதுதான், பெரியவனாக நடந்துகொள்வது பையன், சிறுபிள்ளையாக அடம்பிடிப்பது தாத்தா. அதை ஒரே வரியில் சொல்லமுடியும்.

எச்சரிக்கைக்கும் ஒன்று சொல்கிறேன். “தனியாக ஒருமுறை பாருங்கள்” என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். இரண்டு மணி நேரப் படத்தை இரண்டு தடவை பார்க்க எந்த அம்மாவுக்கு நேரம் இருக்கிறது? அந்தப் பேச்சு படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது, அதைச் சொன்னால் போதும். முதல் கால் மணி நேரத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். அது செய்யக்கூடிய வேலை.

குட்டிம்மா_அப்பா:

முடிவு எப்படி? பெரியவர் கடைசியில் என்ன ஆகிறார்? எனக்கு அதுதான் முக்கியம், மகள் ராத்திரி தூங்கவேண்டும்.

பழைய_ரீல்:

இங்கே எழுதமாட்டேன், தனிமடல் போடுகிறேன். மடலிலும் எழுதக்கூடாது. ஆனால் ஆறு வயதுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. முடிவு எப்படியிருந்தாலும் தொடக்கத்தை அவளுக்கு நீங்கள் விளக்கவேண்டியிருக்கும், அந்த வயதில் விளக்கம் நிற்காது, பயம்தான் நிற்கும். எட்டு என்பதுகூட என் கணக்கில் கொஞ்சம் குறைவு. பத்து என்று போடுவேன்.

ஜெயாக்கா:

பத்து அதிகம். என் தங்கை மகள் எட்டு வயதில் பார்த்தாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான், அந்தப் பையனுக்கு ஏன் வீடு இல்லை என்று. தாத்தா விஷயத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தாத்தா ஓடிப்போய்விட்டார், தப்பித்துவிட்டார், அவ்வளவுதான் அவளுக்கு. நாம் பயப்படுகிற இடம் வேறு, அவர்கள் யோசிக்கிற இடம் வேறு.

பழைய_ரீல்:

ஒரு பிள்ளையை வைத்து நூற்றுக்கணக்கான வீட்டுக்கு எழுதமுடியாது அக்கா. ஆனால் பையனுக்கு ஏன் வீடு இல்லை என்கிற கேள்வி வரும் என்பது நல்ல தகவல். அதையும் எழுதலாம்.

நாலாவது_பிளாக்:

எல்லாவற்றையும் வைத்து மறுபடியும் எழுதினேன். வயதுக்கு ஒன்பது என்று போட்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் திட்டிக்கொள்ளுங்கள்.

*“ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு: ‘கேடி என்கிற கருப்புதுரை’ (2019, இயக்கம் மதுமிதா). நினைவிழந்து கிடந்த கிராமத்துப் பெரியவர் கண்விழிக்கும்போது, தன் உயிரைப் போக்க வீட்டார் பேசுவதைக் கேட்டுக் கிளம்பிவிடுகிறார். இது தொடக்கத்திலேயே வரும்; முதல் கால் மணி நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயமாக. அப்புறம் கோயிலில் வளரும் குட்டி என்ற எட்டு வயதுப் பையன் அவரோடு சேர்கிறான். தாத்தாவின் ஆசைகளைப் பட்டியல் போட்டு, அதட்டி, ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறான். பிரியாணி நிறைய வரும். அந்தப் பையனுக்கு ஏன் வீடு இல்லை என்று பிள்ளை கேட்கலாம். இரண்டு மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள், பார்த்தால் பசிக்கும்.”*

பழைய_ரீல்:

கடைசி வரி வெட்டுப்பட்டாலும் ஒன்றும் குறையாது, இருந்தால் சுவை. “கட்டாயமாக” என்பதை மட்டும் யோசியுங்கள். மடலைப் படிப்பதே தாத்தா பாட்டிதான் என்றீர்கள். தங்களைப் பற்றித் தங்களுக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிற மாதிரி அந்த வரி அவர்களுக்குப் படலாம். படத்தில் நடப்பதும் அதுதானே.

ஜெயாக்கா:

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். “வீட்டுப் பெரியவர்களிடம் கதையைச் சொல்லிவிட்டு, அவர்கள் விருப்பப்பட்டால் சேர்ந்து பாருங்கள்” என்று அவர்களிடமே விடலாமே. என் மாமனாரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால், பார்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ அவரே சொல்லியிருப்பார்.

சிவகாசி_பையன்:

அக்கா சொன்னது சரி. அந்த வரிக்கு நான் ஓட்டு போடுகிறேன், படத்துக்கு இல்லை.

மொட்டைமாடி_மன்னன்:

அதைச் சேர்த்தால் எண்பது வார்த்தை தாண்டுமே?

நாலாவது_பிளாக்:

ஆமாம், இப்போதே எழுபத்தாறு வார்த்தை, அதைச் சேர்த்தால் தாண்டிவிடும். அந்தப் பையனின் வீட்டைப் பற்றிய வரியையோ பசி வரியையோ எடுத்தால் ஜெயாக்காவின் வரி உள்ளே வரும். இரண்டில் எதையும் எடுக்க எனக்கு மனமில்லை. பராமரிப்பு பாக்கிப் பட்டியலில் இரண்டு பேர் இந்த வாரம் கட்டிவிட்டார்கள் என்றால் அங்கே இரண்டு வரி மிச்சமாகும். செயலாளரிடம் நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

கிளப்_ஹவுஸ்:

சரிகமவுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் தனி இழையில் சொல்கிறேன். பிரியாணிக்கு யார் பொறுப்பு?